அனுப்பிய சொல்லும் அழித்த சொல்லும்

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்தவராகிய நாம் காணி உறுதியின் அருமையை அறிந்தவர்கள். நம் வீட்டுப் பெட்டிகளிலே நகை இல்லாமலிருக்கலாம், உறுதி இல்லாமலிராது. அந்த உறுதியிலே ஒரு சொல் வெட்டப்பட்டாலோ, வரிகளுக்கிடையே ஓர் எழுத்துச் சேர்க்கப்பட்டாலோ, இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல் வெட்டப்பட்டது என்று நொத்தாரிசு தமது அத்தாட்சியிலே குறிப்பிட வேண்டும். வெட்டுவது குற்றமன்று. வெட்டியதை மறைப்பதே குற்றம். இந்த முறையிலே பழகிய மக்கள் நாம்.

இன்றோ, நம் கொடுக்கல் வாங்கல்களிற் பெரும்பகுதி உறுதியிலும் இல்லை, கடிதத்திலும் இல்லை. கைத்தொலைபேசியின் வட்ஸ்அப் செய்தியிலே இருக்கிறது. வெங்காயத்தின் விலை அங்கே பேசப்படுகிறது. குத்தகைக் காணியின் தவணை அங்கே பேசப்படுகிறது. கந்தோரின் கட்டளையும் அங்கேயே வருகிறது. அனுப்பிய செய்தியைப் பின்னர் திருத்தவும் முடியும், அழிக்கவும் முடியும் என்பதை நம்மிற் பலர் அறிவோம். ஆனால், எவ்வளவு நேரத்திற்குள் முடியும், திருத்திய பின் எதிரிலிருப்பவர் என்ன காண்கிறார், அழித்த பின்னும் அவரிடம் எது தங்கிவிடுகிறது என்பவற்றை அறிந்தவர் சிலரே. இவற்றையே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். கற்பனை என்றாலும், இது நாளை உங்களில் எவருக்கும் நேரக்கூடியதே.

உரும்பிராயிலே ஒரு கமக்காரர். வெங்காயம் கிண்டி, உலர்த்தி, கட்டி வைத்திருக்கிறார். கொழும்பு புறக்கோட்டையிலே ஒரு வியாபாரி. இருவரும் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள். காலை 5.40 மணிக்குக் கமக்காரர் வட்ஸ்அப்பிலே ஒரு செய்தி அனுப்புகிறார்: “600 கிலோ இருக்கிறது. கிலோ 280 ரூபா. இன்று மாலை லொறியில் ஏற்றலாம்.” அவர் எண்ணியது 380. விரல் தவறி மூன்றுக்குப் பதிலாக இரண்டு விழுந்துவிட்டது. கிலோவுக்கு நூறு ரூபா. 600 கிலோவுக்கு 60,000 ரூபா.

பத்து நிமிடத்திற்குப் பின் அவர் பிழையைக் காண்கிறார். செய்தியின் அருகே இரண்டு சரிக்குறிகள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. நீலமாகவில்லை. “செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அவர் இன்னும் வாசிக்கவில்லை” என்று கமக்காரர் ஆறுதலடைகிறார். செய்தியின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, Edit என்பதைத் தேர்ந்து, 280 என்பதை 380 ஆக்கிவிடுகிறார். செய்தியின் ஓரத்திலே Edited என்ற சிறுசொல் தோன்றுகிறது. காரியம் முடிந்தது என்று தோட்டத்திற்குப் போய்விடுகிறார்.

ஆனால் புறக்கோட்டையிலே நடந்தது வேறு. செய்தி வந்த கணத்திலேயே வியாபாரியின் தொலைபேசி ஒலித்தது. பூட்டிய திரையிலே அறிவித்தல் தோன்றியது. அந்த அறிவித்தலிலேயே செய்தி முழுவதும் இருந்தது. சந்தை இரைச்சலுக்கிடையே அவர் வட்ஸ்அப்பைத் திறக்காமலே, திரையிலேயே வாசித்துவிட்டார். 280 என்ற எண் மனத்திலே பதிந்துவிட்டது. அதை நம்பித் தமது சில்லறைக் கடைக்காரரிடம் 310 ரூபாவுக்குப் பேசியும் முடித்துவிட்டார். மதியம் வட்ஸ்அப்பைத் திறந்து, “சரி, ஏற்றுங்கள்” என்று எழுதினார். மேலேயிருந்த செய்தியை அவர் மறுபடியும் வாசிக்கவில்லை; அதைத்தான் காலையிலேயே வாசித்தாயிற்றே!

மறுநாள் காலை வெங்காயம் இறங்குகிறது, கணக்கும் எழுகிறது. கமக்காரர் 380 என்கிறார். தமது திரையைக் காட்டுகிறார். அதன் கீழே வியாபாரியின் “சரி” இருக்கிறது. வியாபாரியோ, “நீர் எழுதியது 280, என் கண்ணாலே கண்டேன்” என்கிறார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். இருவரும் எதிரிலிருப்பவர் ஏமாற்றுகிறார் என்றே எண்ணுகிறார்கள். பல்லாண்டு நம்பிக்கை ஒரு காலைப்பொழுதிலே முறிகிறது.

இங்கே நேர்ந்த பிழை என்ன? கமக்காரர் இரண்டு செய்திகளை அறியவில்லை.

முதலாவது, நீலக்குறி என்பது செய்தி வாசிக்கப்பட்டதற்கு அடையாளமன்று. உரையாடல் திறக்கப்பட்டதற்கே அடையாளம். அறிவித்தலிலே வாசிப்பவர் உரையாடலைத் திறப்பதில்லை. ஆதலால் குறி சாம்பலாகவே நிற்கும். இதைவிட, வாசிப்பு அடையாளத்தையே அணைத்து வைத்திருப்பவர்களும் உளர். அவர்கள் வாசித்தாலும் நீலம் வராது. சாம்பற் குறியை நம்பி, “இன்னும் அறியவில்லை” என்று முடிவு செய்வது மணலைக் கயிறாகத் திரிப்பதாகும்.

இரண்டாவது, முதலில் அனுப்பும்போது மணி ஒலிக்கிறது. திருத்தும்போது மணி ஒலிப்பதில்லை. திருத்தம் செய்தால் புதிய அறிவித்தல் செல்லாது என்று வட்ஸ்அப் நிறுவனமே கூறியிருக்கிறது. ஆகவே, பிழையான விலை முரசறைந்து போய்ச் சேர்ந்தது. சரியான விலை கள்ளனைப்போல் ஓசையின்றி உள்ளே நுழைந்தது. Edited என்ற சொல் ஏதோ வெட்டப்பட்டது என்று மட்டும் சொல்கிறது. வெட்டப்பட்ட சொல் எது என்று சொல்வதில்லை. முன்னைய வாசகத்தைப் பார்க்க வட்ஸ்அப்பிலே வழியும் இல்லை. நமது நொத்தாரிசு ஒருவர் இவ்வாறு அத்தாட்சி எழுதினால் அதை எவர் ஏற்பார்?

எல்லா நிறுவனங்களும் இவ்வாறே செய்கின்றன என்று கூறமுடியாது. சிக்னல் என்னும் செயலியிலே 24 மணி நேரத்திற்குள் திருத்தலாம். ஆனால் எதிரிலிருப்பவர் விரும்பினால் முன்னைய வாசகங்களையும் பார்க்கலாம். அப்பிள் நிறுவனத்தின் செய்திச் செயலியிலே 2022ஆம் ஆண்டு முதல், 15 நிமிடத்திற்குள் ஐந்து முறை வரை திருத்தலாம். அங்கும் பழைய வாசகம் காட்டப்படும். இவ்விரண்டும் நொத்தாரிசின் முறையைத் தழுவியவை. வட்ஸ்அப் 2023 மே மாதத்திலே திருத்தும் வசதியைத் தந்தபோது 15 நிமிட எல்லையை விதித்தது; பழைய வாசகத்தைக் காட்டும் வழியை மட்டும் தரவில்லை.

எனவே, கமக்காரர் செய்திருக்க வேண்டியது என்ன? Edit பொத்தானை எழுத்துப் பிழைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். எண், திகதி, விலை, இடம் ஆகியவற்றில் பிழை நேர்ந்தால் பழைய செய்தியைத் தொடாமல் புதிய செய்தி ஒன்றை அனுப்புவோம்: “காலை 5.40க்கு அனுப்பிய செய்தியில் 280 என்பது பிழை. 380 என்பதே சரி. பார்த்ததும் மறுமொழி தருக.” இதற்கு மணி ஒலிக்கும். வெட்டும் தெரியும், திருத்தமும் தெரியும். வியாபாரி அந்த நிமிடத்திலேயே “அந்த விலைக்கு எனக்குக் கட்டாது” என்று கூறியிருக்கலாம். வெங்காயம் லொறியில் ஏறியிருக்காது.

வியாபாரிக்கும் ஒரு கடமை உண்டு. “சரி” என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், “600 கிலோ, கிலோ 280 ரூபா, சரி” என்று தமது கையாலே எழுதியிருந்தால் பிழை மதியமே வெளிப்பட்டிருக்கும். பிறர் தமது செய்தியைத் திருத்தலாம், அழிக்கலாம். நமது செய்தியிலுள்ள எண்ணை அவர் திருத்த முடியாது.

இனி, அழிப்பதைப் பற்றிப் பேசுவோம்.

செய்தியை அழிக்கப் போனால் வட்ஸ்அப் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று Delete for everyone. மற்றது Delete for me. முன்னையது எல்லோரிடமும் அழிக்குமாறு கேட்பது. பின்னையது நமது தொலைபேசியில் மட்டும் அழிப்பது. பதற்றத்திலே பின்னையதை அழுத்திவிட்டோமாயின் நிலைமை முன்னையதினும் மோசமாகும். செய்தி எதிரிலிருப்பவரிடம் அப்படியே இருக்கும். நம்மிடம் இல்லாமற் போனதால் அதை எல்லோரிடமும் அழிக்கும் வழியும் நமக்கு அடைபட்டுவிடும். இந்த இடர்ப்பாட்டைக் கருதி 2022 டிசம்பரிலே Undo என்ற பொத்தானை வைத்தார்கள். அது ஐந்து செக்கன் மட்டுமே தோன்றி மறையும். அந்த ஐந்து செக்கனுக்குள் அதை அழுத்தினால் செய்தி மீளும். பின்னர் சரியான வழியைத் தேரலாம்.

எல்லோரிடமும் அழிப்பதற்கான கால எல்லை ஆண்டுக்காண்டு நீண்டு வந்திருக்கிறது. 2017இலே இந்த வசதி வந்தபோது ஏழு நிமிடம். 2018இலே ஒரு மணி எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 2022 ஆகஸ்டிலே இரண்டு நாளும் பன்னிரண்டு மணி நேரமும் ஆயிற்று. இந்தக் கணக்கு அனுப்பிய நேரத்திலிருந்து ஓடுவது. மற்றவர் வாசித்த நேரத்திலிருந்தன்று.

ஆனால் “அழிப்பது” என்ற சொல்லே நம்மை மயக்குவது. தபாற் கந்தோரிலே கொடுத்த கடிதத்தைத் தபாற்காரர் விநியோகிப்பதற்கு முன் திரும்பப் பெறுவது போன்றது இது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. செய்தி எதிரிலிருப்பவரின் தொலைபேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது அவர் வீட்டுக்குள் சென்ற கடிதம். நாம் அழிக்கும்போது நமது கை அவர் வீட்டுக்குள் நீளுவதில்லை. “முன்னர் வந்த கடிதத்தைக் கிழித்துவிடுக” என்று இரண்டாவது கடிதம் ஒன்று செல்கிறது. அவர் தொலைபேசியிலுள்ள செயலி அந்தக் கட்டளையைப் பெற்று, செய்தியை அகற்றி, அந்த இடத்தில் This message was deleted என்று ஓர் அறிவிப்பை நாட்டுகிறது. செய்தி கிடைத்த பின் அவர் இணையத்தை அணைத்துவிட்டால், மீண்டும் இணைக்கும் வரை இரண்டாவது கடிதம் போய்ச் சேராது. செய்தி அங்கே இருந்துகொண்டேயிருக்கும். அழிப்பு வெற்றி பெறாவிட்டாலும் அனுப்பியவருக்கு அறிவிக்கப்படமாட்டாது என்று வட்ஸ்அப்பே எச்சரிக்கிறது. ஐபோன் வைத்திருப்பவரின் படத்தொகுப்பிலே சேமிக்கப்பட்ட படம், உரையாடலில் அழிந்த பின்னும் அங்கே இருக்கலாம் என்பதும் அவர்கள் கூற்றே. இன்னொருவருக்கு அவர் அதை முன்னனுப்பிவிட்டாலோ, அந்தப் பிரதி வேறு செய்தி. நமது கட்டளை அதைத் தீண்டாது.

இப்போது அறிவித்தலுக்கு வருவோம். அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலே 2020இல் வந்த பதினோராம் பதிப்பு முதற்கொண்டு Notification history என்றொரு பதிவேடு உண்டு. Settings சென்று, Notifications என்பதனுள் பார்த்தால் அது இருக்கும். சில நிறுவனங்களின் தொலைபேசிகளில் இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும். அதை இயக்கி வைத்திருப்பவரிடம், கடந்த 24 மணி நேரத்தில் வந்த அறிவித்தல்கள் நேரத்தோடு பதிவாகியிருக்கும். செய்தியை நாம் அழித்த பின்னும், அது அறிவித்தலாகத் தோன்றியபோது இருந்த வாசகம் அந்தப் பதிவேட்டிலே இருக்கக் காணலாம். வட்ஸ்அப்புக்குச் சென்ற கட்டளை, வட்ஸ்அப்பின் வீட்டைத்தான் கூட்டித் துடைக்கிறது. இந்தப் பதிவேடோ தொலைபேசியின் சொந்தக் கணக்குப் புத்தகம்.

அந்தப் பதிவேட்டின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். அது தானாக இயங்குவதன்று. உரியவர் முன்னரே இயக்கியிருக்க வேண்டும். இன்று இயக்கினால் நேற்றையது வராது. செய்தி வந்தபோது உரையாடல் திறந்திருந்தால் அறிவித்தலே தோன்றியிராது. ஆகவே பதிவும் இராது. நீண்ட செய்தியாயின் முற்பகுதியே இருக்கலாம். குரற்பதிவின் ஒலி அங்கே கேளாது. ஐபோனிலே இத்தகைய பதிவேடு இல்லை. திரையிலிருந்து அறிவித்தலை ஒதுக்கிவிட்டால் போயிற்று. நமது புறக்கோட்டை வியாபாரியை நினைத்துப் பாருங்கள். அவர் தொலைபேசி அன்ட்ரொயிட்டாக இருந்து, பதிவேடும் இயங்கியிருந்து, அன்று மாலையே பார்த்திருந்தால் 5.40 மணிக்கு 280 என்று வந்தது கண்ணெதிரே தெரிந்திருக்கும். பிணக்கு எழுந்ததோ மறுநாள் காலை பத்து மணிக்கு. 24 மணி நேரம் கடந்துவிட்டது, சான்றும் மறைந்துவிட்டது.

அழிந்த செய்திகளை மீட்டுத் தருகிறோம் என்று கூறும் வேறு செயலிகளும் கிடைக்கின்றன. அவற்றின் வித்தை இதுவே: வரும் அறிவித்தல்கள் அனைத்தையும் வாசிக்க நம்மிடம் அனுமதி பெற்று, ஒவ்வொன்றையும் பிரதி எடுத்து வைக்கின்றன. அனைத்தையும் என்றால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணையும் சேர்த்தே. நண்பர் அழித்த ஒரு சொல்லைப் பார்ப்பதற்காகப் பணப்பெட்டியின் திறப்பை அந்நியரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

டெலிகிராம் பாவிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே இருவருக்கிடையிலான உரையாடலிலே, 2019 மார்ச் மாதம் முதல், எந்தச் செய்தியையும் எப்போது வேண்டுமானாலும் இருபுறத்திலும் அழிக்கலாம். தாம் அனுப்பியதை மட்டுமன்று. நீங்கள் அனுப்பியதையும் எதிரிலிருப்பவர் உங்கள் தொலைபேசியிலிருந்து அழிக்கலாம். அழிந்த இடத்தில் அடையாளக் கல்லும் நாட்டப்படமாட்டாது. ஆதலால், பணமோ காணியோ சம்பந்தப்பட்ட பேச்சு அங்கே நிகழ்ந்தால், அன்றே திரையைப் படம் பிடித்து வைப்பது நன்று.

அழித்துவிட்டோம், ஆகவே பொறுப்பும் தீர்ந்தது என்று எண்ணுபவர்களும் உளர். இது பற்றித் தமிழகத்திலே நடந்த ஒரு வழக்கு நாம் அறியத் தக்கது. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ். வி. சேகர் 2018 ஏப்ரலிலே, பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலிலே பகிர்ந்தார். அதை முழுதும் வாசிக்காமற் பகிர்ந்ததாகவும், உண்மை தெரிந்ததும் அன்றே அகற்றியதாகவும், மன்னிப்புக் கேட்டதாகவும் கூறி, வழக்குகளைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்டார். 2023 ஜூலையிலே சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை மறுத்தார். அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது. கையில் இருக்கும்வரைதான் அது அனுப்புபவரின் வசம். புறப்பட்ட பின் விளைவுக்கு அவரே பொறுப்பு என்பது தீர்ப்பின் கருத்து. அடுத்த மாதமே இந்திய உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அது முகநூற் பதிவு; நாம் பேசுவது செய்திச் செயலி. எனினும் அகற்றுவதால் அனுப்பிய செயல் இல்லாமற் போவதில்லை என்ற நியாயம் இரண்டுக்கும் பொருந்தும்.

நம் நாட்டிலும், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு செய்திக்குச் சட்ட மதிப்பை மறுக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் கூறுகிறது. வட்ஸ்அப்பிலே பேசிய விலை வெறும் வாய்ப்பேச்சு என்று இனி எவரும் தட்டிக்கழித்தல் எளிதன்று. அப்படியாயின், அந்த விலையைப் பின்னர் திருத்தினாரா, அழித்தாரா, எப்போது என்பனவும் கேட்கப்படும் கேள்விகளே.

உத்தியோகத்தர்களுக்கு ஒரு வார்த்தை. குழு ஒன்றிலே தவறான கட்டளையை இட்டுவிட்டு, பின்னர் அழித்தால், நூறு பேரின் திரையிலே “அழிக்கப்பட்டது” என்ற அறிவிப்பு நிற்கும். அதைக் காண்பவர் எதை அழித்தார் என்று ஊகிப்பார்; அறிவித்தலிலே வாசித்தவர் அதற்கு மறுமொழி கூறுவார்; கந்தோர் முழுவதும் இருவேறு கதைகள் உலாவும். அழித்த உடனேயே, “திகதி தவறாக இருந்தமையால் முன்னைய செய்தி அகற்றப்பட்டது, கூட்டம் புதன்கிழமையன்று, செவ்வாய்க்கிழமையன்று அன்று” என்று ஒரு வரி இட்டால் கதைக்கு இடமில்லை. பிறரின் தொலைபேசி இலக்கமோ, நோயாளியின் விபரமோ தவறுதலாகப் போய்விட்டால் மட்டும் விளக்கத்துக்குக் காத்திராமல் முதலில் அழியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவர் வாசிக்கும் நிமிடம். அதன் பின், வாசித்திருக்கக்கூடியவர்களிடம் நேரே பேசுங்கள்.

உரும்பிராய்க் கமக்காரரிடமே திரும்பி உரையை முடிக்கிறோம். அவரும் வியாபாரியும் இறுதியிலே என்ன செய்யலாம்? யார் பொய்யர் என்று தேடுவதை விட்டு, Edited என்ற அந்தச் சிறுசொல்லை இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். “ஆம், நான் 280 என்றே முதலில் எழுதினேன்; பின்னர் மாற்றினேன்; உமக்கு அறிவிக்கவில்லை” என்று கமக்காரர் ஒப்புக்கொள்ளட்டும். “நான் திறந்து பார்க்காமலே சரி என்றேன்” என்று வியாபாரி ஒப்புக்கொள்ளட்டும். 60,000 ரூபாவை எவ்வாறு பகிர்வது என்பது அதன் பின் அரைமணி நேரப் பேச்சே. செயலி காட்டாமல் மறைத்த வெட்டை அவர்கள் தம் வாயாலே சொல்லிவிட்டார்கள். நொத்தாரிசு இல்லாத இடத்தில் அத்தாட்சி எழுதவேண்டியவர் நாமே.